ஓக்லாந்து வரைபடம் காட்டியது

குற்றம் மிகும் இடங்களை வரைபடத்தில் குறித்து, அடுத்த குற்றம் எங்கே நிகழும் என்று கணிக்கும் மென்பொருள்களுள் பிரெட்போல் பெயர் பெற்றது. ஏறத்தாழ 150 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களைத் தேர்ந்து, அங்கே ரோந்து செல்லுமாறு அது காவலர்களுக்குச் சொல்லிவந்தது. கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் என்னும் ஆய்வாளர்கள், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரக் காவல்துறையின் 2010ஆம் ஆண்டுப் போதைப்பொருள் பதிவுகளை அதன் வழிமுறைக்குள் செலுத்திப் பார்த்து, முடிவுகளை 2016இல் வெளியிட்டனர். தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டால் போதைப் பழக்கம் நகரெங்கும் பரவிக் கிடந்தது. மென்பொருளோ கறுப்பினத்தவரும் குறைந்த வருவாயினரும் மிகுதியாக வாழும் மேற்கு ஓக்லாந்து போன்ற பகுதிகளையே மீண்டும் மீண்டும் சுட்டியது.

காரணம் எளிது. (கணக்கில் பிழை இல்லை என்பதுதான் வேடிக்கை.) காவல்துறையின் பதிவேடு குற்றத்தை மட்டும் அளப்பதில்லை, காவலர் எங்கே நின்று பார்த்தார் என்பதையும் சேர்த்தே அளக்கிறது. காவலரை அனுப்பிய இடத்தில் கூடுதலாக 20 விழுக்காடு குற்றம் பதிவாகும் என்று வைத்து ஆய்வாளர்கள் கணினியில் பாவனை செய்து பார்த்தபோது, மென்பொருள் அதே சதுரங்களை இன்னும் உறுதியாகக் கேட்கத் தொடங்கியது. இனம் என்ற தகவலை நீக்கிவிட்டோம் என்று சொல்வோர், முகவரியே இனத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவதைக் கவனிப்பதில்லை.