துண்டறிக்கையில் இருந்ததும் இல்லாததும்

செப்டம்பர் 2, 2025

மாலையில் அக்கா மகள் ஒரு துண்டறிக்கையோடு வந்தாள். பி.காம். முடித்து ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. வேறு மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைநிலை எம்.ஏ. உளவியல், சேர்க்கை மையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில். வெள்ளிக்கிழமைக்குள் 12,000 ரூபாய் கட்ட வேண்டுமாம்.

"யுஜிசி அங்கீகாரம் பெற்றது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, இது போதாதா சித்தி?"

கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. அந்த ஒரு வரியை நம்பி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரை பணம் கொடுக்காதே என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 3

மதிய உணவு வேளையில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் இணையதளத்தில் தனியார் பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் திறந்தேன். பெயர் இருக்கிறது. மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்டது, போலி இல்லை. 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டப்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் உருவானவை, நிகர்நிலைத் தகுதி பெற்றவை போன்றவைதாம் பட்டம் வழங்க முடியும். அந்த வகையில் துண்டறிக்கை பொய் சொல்லவில்லை.

ஆனால் இந்தப் பட்டியல் சொல்வது, அது ஒரு பல்கலைக்கழகம் என்பதை மட்டுமே. தொலைநிலையில் நடத்தத் தனி அனுமதி வேண்டும். அதுவும் மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்வியாண்டுக்கு என்று பிரித்துத்தான் தரப்படுகிறது.

செப்டம்பர் 4

இரவு அவளையே பக்கத்தில் உட்கார வைத்து, டிஇபி எனப்படும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் deb.ugc.ac.in தளத்தைத் திறந்தோம். இந்த ஆண்டுப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேரே விரலை வைத்து ஒவ்வொரு படிப்பாகப் படித்தாள். பி.பி.ஏ., எம்.காம்., எம்.பி.ஏ. இருந்தன. உளவியல் இல்லை. இரண்டாம் முறையும் படித்துப் பார்த்தாள்.

மையத்துக்குப் போன் செய்தால் உடனே ஒரு கடிதத்தின் படத்தை அனுப்பினார்கள். யுஜிசி கடிதம்தான். ஐந்து கல்வியாண்டுகளுக்கு அனுமதி, உளவியலும் உண்டு. காலம் இன்னும் முடியவில்லை. விவரம் தெரியாதவர்கள் இங்கேதான் விழுந்துவிடுவார்கள்.

கடிதத்துக்குப் பிறகு நடந்தது அதில் இல்லை. 2021ஆம் ஆண்டின் துணைநிலைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி சென்ற மாதம் அறிவித்துவிட்டது. உளவியல், நுண்ணுயிரியல், உணவும் ஊட்டச்சத்தும் எல்லாம் அதில் அடங்கும். இந்த ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் புதிய சேர்க்கை கிடையாது. முன்பே தந்த அனுமதியும் திரும்பப் பெறப்படும்.

செப்டம்பர் 5

மையத்துக்கு நேரிலேயே போனோம். அறிவிப்பைக் காட்டியதும், "போன வருஷச் சேர்க்கையாகப் போட்டுக் கொடுக்கிறோம், கவலைப்படாதீர்கள்" என்றார் அங்கிருந்தவர். எனக்கு உடம்பே பதறியது. பணம் கட்டிய ரசீதில் ஒரு தேதி, சேர்க்கைப் பதிவில் ஒரு தேதி என்றால், வேலை கிடைத்தபின் நடக்கும் சரிபார்ப்பில் மாட்டப்போவது இந்தப் பெண்தான். அந்த மனிதர் அல்ல.

தொலைநிலையில் சேர்கிறவர்கள் யுஜிசி தளத்தில் தாங்களே டிஇபி அடையாள எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது இப்போதைய விதி. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

பிறகு, "எம்.காம். சேருங்களேன், அது பட்டியலில் இருக்கிறதே" என்றார். இருக்கிறது. ஆனால் ஒரு மாநிலத்தின் தனியார் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே மையம் வைத்துத் தொலைநிலைப் படிப்பு நடத்த முடியாது. இணையவழிப் படிப்புக்கு அந்த எல்லை இல்லை. ஆனால் அதற்கு அனுமதிப் பட்டியலே வேறு. இணையவழிப் பட்டியலில் அந்த எம்.காம். இல்லை என்பதை அவருக்கு எதிரிலேயே போனில் பார்த்துவிட்டு எழுந்தோம்.

செப்டம்பர் 6

விஷயம் அலுவலகத்தில் பரவி, உடன் வேலை செய்பவர் கலங்கிப்போய் வந்தார். அவர் மகள் சென்ற ஆண்டே தொலைநிலை உளவியலில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். சேர்ந்த பருவத்தின் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். அந்தப் படிப்பு இருந்தது. தடை புதிய சேர்க்கைக்குத்தான், அவள் படித்து முடிக்கலாம் என்றேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பட்டம் செல்லும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற பயிற்சியும் அங்கே பதிவும் வேண்டும். யுஜிசி அங்கீகாரம் பட்டத்தோடு நின்றுவிடும். தொழில் உரிமம் தருவது வேறு அமைப்பு. மகளுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

செப்டம்பர் 8

அக்கா மகள் வந்திருந்தாள். அடுத்த ஆண்டு நேரடி வகுப்பில் எம்.எஸ்சி. உளவியல் சேரலாமா, பி.காம். படித்தவரை எடுப்பார்களா என்று கோவையில் விசாரிக்கப் போகிறாளாம். கேட்க வேண்டிய கேள்விகளை அந்தத் துண்டறிக்கையின் பின்பக்கத்திலேயே எழுதி மடித்து வைத்திருந்தாள். 12,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது.