ஐ.வி. செட்டின் கவரைத் தூக்கிப் போடாதீர்கள்

சலைன் பாட்டிலை மாட்டியவுடன் பாட்டிலின் மேலுறை, ஊசிக் கவர், பாட்டிலிலிருந்து கைக்கு மருந்து இறங்கும் குழாயான ஐ.வி. செட் வந்த பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றையும் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான். அந்த ஒரு கவர் இல்லாமல் போன வாரம் நாங்கள் பட்ட பாட்டை எழுதி வைத்தால் இன்னொருவருக்காவது உதவும் என்று தோன்றியது. ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன கிளினிக். பெரியம்மாவுக்கு வயிற்றுப்போக்கு, நீர்ச்சத்து குறைந்துவிட்டது. ஏற்கெனவே இதயம் பலவீனம் என்று மாத்திரை சாப்பிடுகிறவர். அதனால் டாக்டர் சீட்டில் நார்மல் சலைன் 500 மில்லி, 8 மணி நேரத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும் என்று எழுதிவிட்டு வெளியே போய்விட்டார். காலை 10 மணிக்கு மாட்டினார்கள். நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். அன்று பகல் டியூட்டி. அரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போகிற நிலைமை இல்லை. உடனிருந்த தம்பி மதியம் 12 மணிக்குப் பாட்டிலையும் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பி, "நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விழணும்க்கா? எனக்கு 4-னு வருது, ஆனா இங்க வேகமா விழுது" என்று கேட்டான்.

4 சொட்டு என்றால் 15 விநாடிக்கு ஒன்று. பெரியவர்களுக்கு 500 மில்லி ஏற்றும்போது அப்படி ஒரு கணக்கு வந்தால், எங்கோ ஒரு எண் தப்பு என்று உடனே சந்தேகப்பட வேண்டும். அவ்வளவு மெதுவாக விட்டால் கையில் போட்ட ஊசியிலேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்ததும் புரிந்தது. லேபிள் வளைவாக இருக்கிறது, ட்யூப்லைட் வெளிச்சம் மேலே அடித்து 500 மில்லி என்ற எழுத்து வெளுத்துப்போயிருந்தது. தெளிவாகத் தெரிந்தது அதற்குக் கீழே இருந்த 100 மில்லிதான். அது பாட்டிலின் அளவு இல்லை. ஒவ்வொரு 100 மில்லியிலும் 0.9 கிராம் சோடியம் குளோரைடு இருக்கிறது என்று மருந்தின் சேர்மானத்தைச் சொல்லும் வரி. 500 மில்லி பாட்டிலிலும் ஒரு லிட்டர் பாட்டிலிலும் அதே வரி அப்படியே இருக்கும். தம்பி அந்த 100-ஐ எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறான். லேபிளைப் போட்டோ எடுக்கிறவர்கள் வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் நின்று, மருந்தின் பெயரும் மொத்த அளவும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். படத்தில் தெரிகிற முதல் எண்ணை நம்பாதீர்கள்.

சரி, 500 மில்லி, 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம். மில்லியைச் சொட்டாக மாற்றினால்தான் மேற்கொண்டு கணக்கு நகரும். ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது பாட்டிலில் எங்கேயும் இருக்காது. சொட்டின் பருமனை முடிவு செய்வது செட்தான். அதனால் அந்த எண் செட்டின் கவரில்தான் அச்சடித்திருக்கும். பாட்டிலை எத்தனை கோணத்தில் போட்டோ எடுத்தாலும் அது கிடைக்காது.

"செட்டோட கவர் இருக்காடா?" என்றேன். குப்பைக்கூடைக்குப் போய்விட்டது. கிளினிக்கில் இருந்த பெண்ணிடம் கேட்கச் சொன்னேன். "எல்லா செட்டும் ஒண்ணுதான், 15 போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாராம். 15 என்பது பயிற்சியில் மனப்பாடம் செய்த எண். 15 சொட்டுக்கு ஒரு மில்லி என்று செட் வருவதும் உண்மைதான். ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண செட்டுகளில் 20 சொட்டு ஒரு மில்லி என்று இருப்பதை நான் நிறையப் பார்க்கிறேன். குழந்தைகளுக்குப் போடும் மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி.

இதில் எண் மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. அதை 480 நிமிடத்துக்குப் பங்கிட்டால் 20.8, அதாவது நிமிடத்துக்கு 21 சொட்டு. மைக்ரோ செட் என்றால் அதே மருந்து, அதே நேரத்துக்கு 62 அல்லது 63 சொட்டு. மைக்ரோவுக்கான 63-ஐ யாராவது சாதாரண செட்டில் வைத்துவிட்டால், 8 மணி நேரத்தில் ஏற வேண்டியது 3 மணி நேரம்கூட ஆகாமல் ஏறிவிடும். பலவீனமான இதயம் அதைத் தாங்காது. நீர் நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சு வாங்கும். எல்லாம் ஒன்றுதான் என்ற பேச்சு எனக்கு ஏன் அவ்வளவு கோபத்தைக் கிளப்பியது என்று இப்போது புரியும்.

மைக்ரோவா இல்லையா என்பதைக் கவர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். சொட்டு விழும் சேம்பருக்குள் மேலே பார்த்தால் மைக்ரோ செட்டில் மெல்லிய உலோகக் குழாய் ஒன்று ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியிலிருந்து சின்னச் சின்னச் சொட்டு விழும். சாதாரண செட்டில் அகலமான பிளாஸ்டிக் வாய்தான் இருக்கும். சேம்பரைக் கிட்டப்போய் எடுக்கச் சொன்னேன். பிளாஸ்டிக் வாய். 60 இல்லை என்று உறுதியாயிற்று. மீதி 15-ஆ, 20-ஆ?

அடுத்து, சேம்பரை ஒரு முழு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எண்ணினால் 33 சொட்டு. 15-ஐ வைத்துப் பார்த்தாலும் 20-ஐ வைத்துப் பார்த்தாலும் சீட்டில் எழுதியதைவிட வேகம். செட்டின் குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையைக் கண்மதிப்பில் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதா, இருமல் இருக்கிறதா, தலையைத் தாழ்த்திப் படுக்க முடிகிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, நன்றாகப் பேசுகிறார் என்றான். "நீ உருளையைத் தொடாதே, முதல்ல டாக்டருக்குப் போன் போடச் சொல்லு" என்றேன். டாக்டர் வந்துகொண்டிருந்தார்.

அதற்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். தம்பி "200 மில்லி இருக்கு" என்றான். போட்டோவில் திரவத்தின் மட்டம் 200 கோட்டில்தான் இருந்தது. ஆனால் பாட்டிலில் அளவுக்கோடுகள் எந்தத் திசையில் எண்ணப்பட்டிருக்கின்றன என்று பார்க்காமல் அந்த எண்ணை எடுக்கக் கூடாது. தொங்கும் பாட்டிலில் கீழே வாய்ப்பக்கம் பெரிய எண் இருந்தால், கோடு காட்டுவது ஏறிப்போன அளவு. வாய்ப்பக்கம் சின்ன எண் இருந்தால் மிச்சம் இருக்கும் அளவு. இந்தப் பாட்டிலில் வாய்க்கு அருகே 400 இருந்தது. ஆக 200 ஏறிவிட்டது, மிச்சம் 300. கண்ணுக்கு நேர்மட்டத்தில் போனைப் பிடித்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் மட்டம் வேறு கோட்டில் இருப்பது போலத் தெரியும்.

இங்கேதான் விடுபட்ட எண் பிடிபட்டது. 10 மணியிலிருந்து 12 மணி வரை 120 நிமிடம், நிமிடத்துக்கு 33 சொட்டு, ஏறக்குறைய 4,000 சொட்டு. அதற்கு 200 மில்லி போயிருக்கிறது. அப்படியானால் ஒரு மில்லிக்கு 20 சொட்டு! 15 சொட்டு செட்டாக இருந்தால் 260 மில்லிக்கு மேல் போயிருக்க வேண்டும். இடையில் வேகம் மாறியிருந்தால் இந்தக் கணக்குத் தப்பிவிடும் என்பதால் இதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். தம்பி கிளினிக்கின் அலமாரியில் அதே கம்பெனி செட் பிரிக்காமல் இருந்ததைப் பார்த்து, அந்தக் கவரைப் படமெடுத்து அனுப்பினான். 20 சொட்டு ஒரு மில்லி என்று அதில் அச்சடித்திருந்தது. அப்போதுதான் எனக்கு உட்காரவே தோன்றியது.

டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தார், நுரையீரல் தெளிவாக இருந்தது. மிச்சமுள்ள 300 மில்லியை முதலில் சொன்னபடி மாலை 6 மணிக்கு முடிகிற மாதிரி விடச் சொன்னார். இந்த முடிவு அவருடையது. வேகமாகவோ மெதுவாகவோ ஏறிவிட்டதை நாமாக ஈடுகட்டப் பார்க்கக் கூடாது. குறிப்பாக, மெதுவாகப் போய்விட்டதே என்று மிச்சத்தை வேகமாகத் தள்ளிவிடுவது பெரிய ஆபத்து.

300 மில்லி, 6 மணி நேரம். மணிக்கு 50 மில்லி. 20 சொட்டு செட்டில் மணிக்கு இத்தனை மில்லி என்பதை 3-ஆல் வகுத்தாலே நிமிடச் சொட்டு வந்துவிடும். 60-ஐ 20-ஆல் வகுத்தால் 3, அதனால்தான். 15 சொட்டு செட்டுக்கு 4-ஆல் வகுக்க வேண்டும். மைக்ரோவுக்கு வகுக்கவே வேண்டாம், மணிக்கு எத்தனை மில்லியோ அத்தனை சொட்டு. 50-ஐ 3-ஆல் வகுத்தால் 16.7, அரைச் சொட்டு விட முடியாது என்பதால் 17. டாக்டரே உருளையைத் திருப்பி, வாட்சைப் பார்த்து எண்ணி வைத்தார்.

அத்தோடு வேலை முடிவதில்லை. பெரியம்மா பாத்ரூம் போய்விட்டு வந்து கையை மடக்கிப் படுத்தார், சொட்டு குறைந்துவிட்டது. கையை நீட்டியதும் பழைய வேகம் வந்தது. பாட்டிலின் உயரம் மாறினாலும் வேகம் மாறும். உருளையும் நேரம் போகப் போகத் தானாகக் கொஞ்சம் நகரும். அதனால் ஒரு வெள்ளை பிளாஸ்திரியைப் பாட்டிலின் பக்கவாட்டில் நீளமாக ஒட்டி, மிச்சம் 200 இருக்க வேண்டிய கோட்டுக்கு நேராக 2 மணி, மிச்சம் 100 இருக்க வேண்டிய கோட்டுக்கு நேராக 4 மணி என்று பேனாவால் எழுதச் சொன்னேன். பெரிய வார்டுகளில் நாங்கள் செய்வதுதான். பாட்டில் மேலேயே எழுத வேண்டாம், பேனா மை பிளாஸ்டிக்குக்குள் இறங்கலாம். இதற்கப்புறம் தம்பிக்குச் சொட்டு எண்ணும் வேலை குறைந்தது. 2 மணிக்குக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே திரவம் நின்றதைப் பார்த்து, கிளினிக் பெண்ணைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லியிருக்கிறான். 15 விழுந்துகொண்டிருந்தது, அவர் மறுபடியும் 17-க்கு வைத்தார். பாட்டில் காலியாக ஆறேகால் ஆயிற்று. செட்டில் காற்று இறங்கும் முன் உருளையை அடைத்துவிட்டார்கள்.