சேமித்த டாலர் ரேட்டை நம்பும் முன்

மண்டபம், பாம்பன் பக்கம் நண்டு, கணவாய்க்கு டாலரில் விலை கேட்டு, நெட் இல்லாத கன்வெர்ட்டர் ஆப்பில் ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பவர்கள் கவனத்துக்கு.

திரையில் தெரியும் தேதி எதன் தேதி என்று முதலில் பாருங்கள். சில ஆப்களில் அது ரேட்டின் தேதி. சிலவற்றில் ஆப் கடைசியாகப் புதுப்பிக்க முயன்ற நேரம் மட்டுமே. டவர் கிடைக்காமல் முயற்சி தோற்றிருந்தாலும் நேரம் மாறிவிடும், ஆப் சேமித்து வைத்த ரேட் பட்டியல் பழசாகவே கிடக்கும்.

சோதிப்பது எளிது. 1 டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதைப் பைசா வரை குறித்துக்கொள்ளுங்கள். சிக்னல் உள்ள இடத்தில் புதுப்பித்துவிட்டு மறுபடி பாருங்கள். வேலை நாளில், பல நாள் கழித்தும் ஒரு பைசாகூட அசையவில்லை என்றால் சந்தேகம்தான். திங்கள் காலையில் வெள்ளிக்கிழமை ரேட் இருந்தால் அது கோளாறு அல்ல. சனி, ஞாயிறு சந்தை விடுமுறை.

வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளில் டாலர்–திர்ஹாமை வைத்துச் சரிபார்ப்பதுண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திர்ஹாம் டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டது. பட்டியல் இரண்டு வருடம் பழசானாலும் அந்த எண் சரியாகவே தெரியும். சவுதி ரியாலும் (3.75) அப்படித்தான். ரூபாயை வைத்தே பாருங்கள்.

கணக்குக்கு: 300 கிலோ நண்டு, கிலோ 6 டாலர், மொத்தம் 1,800 டாலர். பட்டியலில் 83.20, அன்றைய ரேட் 85.70 என்று வையுங்கள். வித்தியாசம் 2.50 ரூபாய்தான், ஆனால் கையை விட்டுப் போவது 4,500 ரூபாய்.

ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினால், முதல் புதுப்பிப்பு வரை அதோடு வந்த பழைய பட்டியலே ஓடக்கூடும். அந்த நேரத்தில் விலை பேசாதீர்கள்.