பட்டியல் எண் மாறியதால் பட்ட பாடு: ஆடிட்டருக்கு ஒரு முகப்புக் கடிதம்

எங்கள் நிறுவனத்தின் தணிக்கை முடிந்து அறிக்கையும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும், நாங்கள் கொடுத்த ஆவணங்களையே 'பெறப்படவில்லை' என்று வரிசையாகக் குறித்து ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. ஆலை பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஆடிட்டர் அலுவலகம் கோயம்புத்தூரில். கணக்குப் பிரிவு என் பொறுப்பு.

வங்கி ஸ்டேட்மெண்ட், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ். சலான் ஆகியவை சிக்கலின்றிப் போய்ச் சேர்ந்தன. தணிக்கைக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று அவர்கள் எண்ணிட்டு அனுப்பும் பட்டியலில்தான் சிக்கல் இருந்தது. முதலில் அனுப்பிய பட்டியலில் 10ஆம் எண் நிலைச்சொத்துப் பதிவேடு, 11ஆம் எண் நிலத்தின் கிரயப் பத்திரம். அதன்படியே கோப்புறைகளுக்கு எண் கொடுத்து, முகப்புக் கடிதமும் எழுதி அனுப்பினோம். இதற்கிடையில் அவர்கள், 9க்கு அடுத்ததாகத் தொடர்புடைய தரப்பினருடனான வரவு செலவு என்ற புதிய இனத்தைச் சேர்த்து, எந்தக் குறிப்பும் இல்லாமல் வேறொரு மின்னஞ்சலின் இணைப்பாகத் திருத்திய பட்டியலை அனுப்பியிருந்தார்கள். 10 முதல் எல்லா எண்களும் ஒன்று தள்ளிப்போயின. அங்கே சரிபார்த்த பயிற்சி உதவியாளர், புதிய 11ஆம் எண்ணுக்குச் சொத்துப் பதிவேட்டைத் தேடி எங்கள் 11ஆம் கோப்புறையைத் திறந்து, கிரயப் பத்திரத்தைக் கண்டு, பதிவேடு வரவில்லை என்று எழுதிவிட்டார். அதற்குக் கீழே இருந்தவை எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

கடிதத்தைத் திரும்ப எழுதியபோது, எந்தத் தேதியிட்ட பட்டியலுக்குப் பதில் அளிக்கிறோம் என்பதை முதல் வரியிலேயே சொன்னோம். அட்டவணையில் அவர்களுடைய புதிய எண், பழைய எண் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வைத்தோம். கோப்புகளுக்கு எண்ணை மட்டும் பெயராக வைக்காமல், உள்ளே இருக்கும் ஆவணத்தின் பெயரையும் காலத்தையும் சேர்த்தோம். இப்படிச் செய்தால் பட்டியல் மறுபடி மாறினாலும் கோப்பு அடையாளம் இழக்காது.

அடுத்த தொல்லை 'நிலை' என்ற பத்தியில் வந்தது. 'கொடுக்கப்பட்டது' என்ற ஒரே சொல் எல்லா இனத்துக்கும் பொருந்துவதில்லை. கிரயப் பத்திரத்தையே பாருங்கள். அதன் மூலப் பிரதி கடனுக்கு அடமானமாக வங்கியில் இருக்கிறது. வில்லேஜ் ஆபீஸில் நில வரி கட்டிய ரசீது மலையாளத்தில் இருக்கிறது. அதிலும் போக்குவரவு (பட்டா மாற்றம்) முடியாததால், முந்தைய உரிமையாளர் பெயரே நிற்கிறது. வெறுமனே 'கொடுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால், பெயர் பொருந்தாததை அவர்கள் பின்னால் கண்டுபிடித்து நாங்கள் மறைத்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். ஆகவே அந்த வரியில் இப்படி எழுதினோம்: 'கிரயப் பத்திரத்தின் நகல் தரப்பட்டது. மூலம் வங்கியில் உள்ளது; அதை உறுதி செய்யும் வங்கியின் கடிதம் இணைப்பில். நில வரி ரசீதின் நகலும், அதன் தமிழாக்கமும் இணைப்பில். ரசீது முந்தைய உரிமையாளர் பெயரில் உள்ளது. பெயர் மாற்ற விண்ணப்பத்தின் நகல் இணைப்பில்.' இந்த இனத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு கேள்விகூட வரவில்லை. மற்ற இனங்களுக்கும் முழுமையாக, பகுதியாக, நிலுவை, பொருந்தாது என்று நான்கு நிலைகள் வைத்தோம். நிலுவை என்றால் எப்போது வரும் என்றும், பொருந்தாது என்றால் ஏன் என்றும் எழுதினோம்.

கடிதத்தின் முடிவில், 'தரப்பட்ட ஆவணங்கள் அனைத்தும் முழுமையானவை, உண்மையானவை' என்று ஒரு வாக்கியம் சேர்த்துத் தரும்படி ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். அதற்கு நான் உடன்படவில்லை. எதைக் கொடுத்தோம் என்று சொல்வதுதான் முகப்புக் கடிதத்தின் வேலை. முழுமைக்கான உறுதிமொழி, தணிக்கைத் தரநிலை 580இன்படி நிர்வாகம் தனியே தரும் கடிதத்துக்கு உரியது. அதன் தேதி தணிக்கை அறிக்கையின் தேதிக்கு இயன்றவரை நெருக்கமாக இருக்க வேண்டும், அதற்குப் பிந்தையதாக இருக்கக் கூடாது. பல இனங்கள் நிலுவையில் இருக்கும்போதே கணக்கர் கையெழுத்தில் அந்த உறுதிமொழியைக் கொடுப்பது முறையல்ல. விளக்கிச் சொன்னதும் ஆடிட்டர் ஐயா ஏற்றுக்கொண்டார்.

மூல வவுச்சர் கட்டுகளை ஆடிட்டர் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனபோது, 'சார் வெளியில் போயிருக்கிறார், நான் கையெழுத்துப் போட முடியாது' என்று முன்மேசை ஊழியர் மறுத்துவிட்டார். ஒப்புகை இல்லாமல் மூல ஆவணத்தை விட்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை. அத்தனை கட்டுகளையும் வேலந்தாவளம் வழியாகத் திரும்பக் கொண்டுவந்தேன். அடுத்த முறை, யார் பெற்றுக்கொள்வார் என்று மின்னஞ்சலில் கேட்டுப் பெயர் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். கடிதத்தின் இரண்டாம் பிரதியில், மூலம் எவை, நகல் எவை என்று பிரித்துக் காட்டிய அட்டவணைக்குக் கீழே அவர் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்கினேன். மூலங்களைத் திரும்ப எடுத்தபோது அந்தப் பிரதியை வைத்தே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஒரு கட்டு அவர்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது அங்கேயே தெரிந்து, கையோடு வாங்கி வந்தோம்.

நிலுவை இனங்கள் வந்து சேர்ந்ததும் பழைய கடிதத்தைத் திருத்தவில்லை. அதன் தேதியைச் சுட்டி, அந்த இனங்களுக்கு மட்டும் துணைக் கடிதம் எழுதினோம்.