முதல் சாம்பிளும் இரண்டாம் சாம்பிளும்

அந்தப் பையனுக்கு ஒன்பது வயது. மே மாதம், காலை 9 மணிக்கு அவன் அம்மா சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் சிறுநீர் கொண்டுவந்தார். வீட்டில் ஐந்தரை மணிக்கே பிடித்தது என்றும், முதல் பஸ் கிடைக்காததால் நேரமாகிவிட்டது என்றும் சொன்னார். சிறுநீர் பால் விடாத டிக்காஷன் நிறத்தில் இருந்தது. நான் அந்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ரத்தப் பரிசோதனைக்கு வந்த கூட்டத்தில் அந்த டப்பா மேசையிலேயே இருந்துவிட்டது. நான் அதை எடுத்தபோது மணி பதினொன்றரை.

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் ரத்தம் 3+, புரதம் 2+, pH 8. பிறகு 10 மி.லி. எடுத்து, நிமிடத்திற்கு 1500 சுற்று வேகத்தில் ஐந்து நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேலே இருந்ததைக் கொட்டிவிட்டு, அடியில் நின்ற அரை மி.லி. வண்டலைக் கலக்கி ஒரு சொட்டு ஸ்லைடில் வைத்தேன்.

பார்த்ததும் கண்ணைப் பறித்தது டிரிப்பிள் பாஸ்பேட் படிகங்கள்தான். நிறமே இல்லாமல், கண்ணாடியைச் சீவி வைத்ததுபோல, சவப்பெட்டி மூடியின் வடிவத்தில் பத்துப் பதினைந்து கிடந்தன. சுற்றிலும் பாக்டீரியா நெளிந்தது. 40X லென்ஸில் ஒரு பார்வைப் புலத்திற்கு 12 முதல் 15 சீழ் அணுக்கள், ஏறக்குறைய அதே அளவு சிவப்பணுக்கள். அழகாக இருந்ததால் ஐபீஸில் கைப்பேசியை வைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

என் மனதில் கதை உடனே கூடிவிட்டது. யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும் பாக்டீரியா சிறுநீர்ப் பாதையில் புகுந்தால் சிறுநீர் காரமாகும். டிரிப்பிள் பாஸ்பேட் படியும். அதுவே கல்லாகவும் வளரும். ஆகவே தொற்று, ஒருவேளை கல். புரதம் 2+ உறுத்தியது. ஆனால் சிறுநீர் மிகவும் காரமாக இருந்தால் ஸ்ட்ரிப் புரதத்தைப் பொய்யாகக் காட்டக்கூடும் என்று படித்திருந்தேன். அதைச் சொல்லி என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அறிக்கையில், சிறுநீரக நுண்குழாயில் உருவாகும் அச்சுகளுக்கான இடத்தில், "காஸ்ட்: இல்லை" என்று எழுதினேன்.

கையெழுத்துக்காக அதை எங்கள் மூத்த டெக்னீஷியன் அக்காவிடம் கொடுத்தேன். அவர் படிகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஸ்ட்ரிப்பில் ரத்தம் 3+ இருக்கிறது. செல் வெறும் பதினைந்துதானா? மீதி எங்கே போயிற்று?" என்றார். அடுத்து, "இது எத்தனை மணிக்குப் பிடித்தது?" என்றார்.

விடை அந்த இரண்டாவது கேள்வியில் இருந்தது. வெயில் காலத்தில் ஆறு மணி நேரம் டப்பாவில் நின்ற சிறுநீர் வேறொரு திரவமாகிவிடும். பிடிக்கும்போது தோலிலிருந்து சேர்ந்த சில பாக்டீரியா பெருகும். யூரியா உடைந்து pH ஏறும். உடலுக்குள் இல்லாத டிரிப்பிள் பாஸ்பேட் டப்பாவுக்குள் பிறக்கும். அதே காரத்தன்மையில் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். ஸ்ட்ரிப் உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபினையும் ரத்தமாகவே காட்டும். மைக்ராஸ்கோப்பில் எண்ண அணு இருக்காது. காஸ்ட்டுகளும் கரைந்துபோகும். இரண்டு மணி நேரத்திற்குள் பார்க்க வேண்டும் என்ற விதி எனக்கு மனப்பாடம். அதை மீறினால் எது தோன்றும், எது மறையும் என்று அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பையனும் அம்மாவும் வராந்தாவில் இருந்தார்கள். அவன் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன், கண்ணிமைகள் தடித்திருந்தன. காலில் ஆறிய சிரங்குத் தழும்புகள். "போன மாதம் உடம்பெல்லாம் சொறி சிரங்கு, மேடம்" என்றார் அம்மா. ஆய்வகத்திலேயே புதிதாகச் சிறுநீர் பிடிக்கச் சொன்னோம். பத்து நிமிடத்தில் இரண்டாம் ஸ்லைடு தயார். இம்முறை pH 6. புரதம் அப்படியே 2+.

அக்கா முதலில் கண்டென்சரை இறக்கி வெளிச்சத்தைக் குறைத்தார். காஸ்ட்டுகள் ஒளியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. பளீரென்ற வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். நானோ நேராக 40X-க்குப் போயிருந்தேன். 10X-இல், கவர் ஸ்லிப்பின் ஓரமாக ஸ்லைடை நகர்த்தினார். காஸ்ட்டுகள் பெரும்பாலும் அங்கேதான் ஒதுங்கும். "இப்போது பார்" என்று விலகினார்.

செம்மண் நிறத்தில் ஒரு உருளை. இரண்டு பக்கமும் இணைகோடுகள்போல நேராக, ஒரு முனை மழுங்கலாக. 40X-க்கு மாற்றியதும் அதற்குள் சிவப்பணுக்கள் மணிமணியாக நெருக்கி அடைந்திருந்தது தெரிந்தது. வெளியே மிதந்த சிவப்பணுக்கள் பலவும் வட்டமாக இல்லை. சிலவற்றில் மொட்டுப்போல ஒரு புடைப்பு. ஒரே ஸ்லைடில் இப்படி நான்கு காஸ்ட்டுகள். படிகம் ஒன்றுகூட இல்லை. பாக்டீரியாவும் இல்லை.

காஸ்ட் என்பது சிறுநீரகத்தின் நுண்குழாயில் வார்த்த அச்சு. குழாய்ச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் உள்ளேயே உறைந்து, அந்நேரம் அங்கே எது இருந்ததோ அதைத் தன்னுள் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறது. வெறும் புரதம் மட்டுமானால் அது ஹயலின் காஸ்ட். வெயிலில் அலைந்தவருக்கும் ஓடிவந்தவருக்கும் ஓரிரண்டு தெரிவதுண்டு. உள்ளே வெள்ளணுக்கள் இருந்தால் அழற்சி சிறுநீரகத்திற்குள்ளேயே இருக்கிறது. காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்திருந்தால் சிறுநீரகத் தொற்றை நினைக்க வேண்டும். சேற்று நிறத்தில் துகள் துகளாக நிறைய வந்தால் நுண்குழாய்ச் செல்களே செத்து உதிர்கின்றன. சிவப்பணுக்கள் அடைந்திருந்தாலோ, ரத்தம் கசிவது வடிகட்டும் முடிச்சான குளோமெருலஸிலிருந்து. கல் உரசி வரும் ரத்தத்தில் காஸ்ட் இருக்காது. அணுக்களும் பெரும்பாலும் வட்டமாகவே இருக்கும்.

சீழ் அணுக்கள் இரண்டாம் ஸ்லைடிலும் பத்துக்குமேல் இருந்தன. எனக்கு அதுதான் புரியவில்லை. "தொற்று இல்லையென்றால் இவை ஏன்?" என்று கேட்டேன். குளோமெருலஸ் அழற்சியிலும் வெள்ளணுக்கள் வரும், சீழ் அணு என்ற பெயரை வைத்துத் தொற்று என்று முடிவுகட்டாதே என்றார் அக்கா.

என் அறிக்கையைக் கிழித்துவிட்டு, சிவப்பணு காஸ்ட் என்று எழுதி, மருத்துவருக்கு உடனே தொலைபேசியில் சொன்னோம். பையனின் ரத்த அழுத்தம் 140/90. அந்த வயதுக்கு மிக அதிகம். அன்றே மருத்துவமனையில் சேர்த்தார்கள். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ரத்தத்தில் C3 என்ற நோய் எதிர்ப்புப் புரதம் குறைந்திருந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் சிறுநீரகத்தைத் தாக்கும் அழற்சி அது. கிருமியைவிட, அதற்கு எதிராக உடல் எழுப்பிய எதிர்ப்புப் பொருள்களே முடிச்சுகளில் படிந்து கேடு செய்கின்றன. உப்பையும் நீரையும் குறைத்து, சிறுநீர் பெருக்கும் மருந்து கொடுத்தார்கள். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. என் முதல் அறிக்கை போயிருந்தால், கல்லுக்கென்று அந்தப் பையனை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த நிலையில் அவனுக்குக் கொடுக்கவே கூடாதது அதுதான்.

அன்று எடுத்த சவப்பெட்டி மூடிப் படத்தை நான் அழிக்கவில்லை. பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோது இடது மூலையில், படிகங்களுக்குப் பின்னால், வெளிறிய உருளை ஒன்றின் உடைந்த பாதி தெரிந்தது. ஓரம் கரைந்து, உள்ளே இரண்டு மூன்று அணுக்களின் நிழல் மட்டும். புதிய ஸ்லைடைப் பார்க்காதவர் அதை அழுக்கு என்றே சொல்வார்.

எட்டாம் வாரம் அவர்கள் திரும்ப வந்தார்கள். C3 இயல்பாகியிருந்தது, காஸ்ட் இல்லை, புலத்திற்கு நாலைந்து சிவப்பணுக்கள் மட்டும் மீதம். இவை மறைய மாதக்கணக்காகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இந்தமுறை அம்மா வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரவில்லை. பையன் எங்கள் கழிவறையிலிருந்தே எடுத்துவந்து நீட்டினான். டப்பா இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கையோடு சென்ட்ரிஃப்யூஜில் வைத்தேன்.