ஹைப்போ பக்கெட்டும் கட்டில் கம்பியும்

குழந்தைங்க வார்டுல இன்பெக்‌ஷன் கண்ட்ரோல் பாக்குற நர்ஸ் நான். எங்க வார்டுல கிருமிநாசினி அட்டவணைன்னு சுவத்துல ஒண்ணு ஒட்டியிருந்துச்சு, ஷிப்டுக்கு ஒரு தடவை துடைக்கணும், கதவுக் கைப்பிடி, லைட் சுவிட்ச், கட்டில் கம்பி, டிரிப் ஸ்டாண்ட், பம்ப் பட்டன், குழாய்த் திருகு, பிளஷ்னு வரிசையா இருக்கும், பக்கத்துல கையெழுத்துப் போட கட்டம். பாக்க எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அது பெரியவங்க வார்டுல இருந்து அப்படியே காப்பி அடிச்ச லிஸ்ட்டு.

பெரியவங்க கட்டில் கம்பியை மேல பிடிப்பாங்க, அவ்ளோதான். பல்லு முளைக்கிற குழந்தை அதையே கடிக்கும், நக்கும், நடுக் கம்பி ரெண்டுக்கும் இடையில மூஞ்சிய வச்சு எச்சில் ஒழுக நிக்கும். தவழுற குழந்தைக்கு கட்டிலோட கீழ்க்கம்பி, தாழ்ப்பாள், ஸ்டூல் கால், டிரிப் ஸ்டாண்டோட அடிப்பாகம் இதெல்லாம்தான் கைப்பிடி. அதனால ஒரு நாள் ராத்திரி, யூவி லைட்டுல மட்டும் தெரியுற ஜெல்லைக் கொஞ்ச இடத்துல பொட்டு மாதிரி வச்சுட்டுப் போனேன். மறுநாள் காலை ரவுண்டு முடிஞ்சதும் லைட் அடிச்சுப் பாத்தா மேல்கம்பில பொட்டு இல்ல, கதவுக் கைப்பிடில இல்ல, தாழ்ப்பாள்ல அப்படியே மினுங்குது, கம்பியோட உள்பக்கத்துலயும் அப்படியே. துடைக்குற அக்கா மேல தப்பே இல்ல, லிஸ்ட்டுல 'கட்டில் கம்பி'ன்னு மட்டும் போட்டா யாருமே நின்னபடி கைக்கு எட்டுறதைத்தான் துடைப்பாங்க. இப்ப லிஸ்ட்டுல மேல்கம்பி, நடுக்கம்பி உள்பக்கம், தாழ்ப்பாள்னு தனித்தனியா எழுதியிருக்கோம், கூடவே எடை பாக்குற தட்டு, நெபுலைசர் மெஷின் சுவிட்ச், அம்மா உக்கார்ற நாற்காலிக் கை.

நேரத்தையும் மாத்தினோம். ஷிப்ட் மாறுற நேரத்துல துடைக்கிறது ஸ்டாப்புக்கு வசதி, குழந்தைக்கு இல்ல. காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பாக்க வர்றவங்க எல்லாம் கெளம்புன பிறகு ராத்திரி ஒண்ணு. பேதி, வாந்தியோட வந்த குழந்தையோட கட்டில் கடைசியா, அதுக்கப்புறம் டாய்லெட். வரிசை மாறினா அங்க இருந்த வைரஸை நாமளே அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோய் வைக்கிறோம். கட்டிலுக்கு ஒரு துணி, தொட்ட துணியை மறுபடி பக்கெட்டுல முக்கக் கூடாது. துணி காஞ்சா புதுசா ஒண்ணு.

இப்ப ஹைப்போ கதை, அதாவது தண்ணில கலந்து துடைக்குற குளோரின் கிருமிநாசினி. எல்லா வார்டுலயும் ஒரு மக் கணக்கு இருக்கும், 'ஒரு சின்ன மக்கு, ஒரு பக்கெட்டு'ன்னு. எங்ககிட்ட இருந்த சின்ன மக் 100 மில்லி, பக்கெட் 5 லிட்டர். கேன்ல இருக்குறது 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டா இருக்குற வரைக்கும் இந்தக் கணக்கு கரெக்ட், 0.1 சதவீதம் வரும், அதாவது 1000 பிபிஎம், சாதாரணப் பரப்புக்கு எங்க வார்டுல அதுதான். ஒரு தடவை கேன் மாறிடுச்சு, அதே வெள்ளை கேன், அதே மூடி, லேபிள்ல மட்டும் 10 சதவீதம். யாரும் லேபிளைப் பாக்கல, மக் அதே மக். ரெண்டு மடங்கு, 0.2 சதவீதம். காலைல உள்ள நுழைஞ்சதுமே மூக்குல ஏறுது, இழுப்போட படுத்திருந்த குழந்தை ஒண்ணு இருமிக்கிட்டே இருந்துச்சு, ஜன்னலைத் திறந்துட்டு பக்கெட்டை வெளிய எடுத்துட்டுப் போய்ட்டு அப்புறம்தான் கேனையே திருப்பிப் பாத்தோம்.

வாசனை வந்ததால அது தெரிஞ்சுது. 3 சதவீதமா இறங்கிப் போன பழைய கேனா இருந்தா யாருக்கும் தெரியாது, ஏன்னா குறைச்சலான ஹைப்போ எந்தப் புகாரும் சொல்லாது. வெயில்ல, சூட்டுல வச்ச கேன் மெல்ல மெல்ல சக்தி இழக்கும், அதனால சதவீதம் மட்டும் இல்ல, தயாரிச்ச தேதியும் பாக்கணும்.

அதனால மக்கைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு அளவுக் குவளை வச்சிருக்கோம், கேனுக்கு மேலயே கணக்கை எழுதி ஒட்டியிருக்கோம். பக்கெட்டோட மொத்த மில்லியை வேணும்கிற சதவீதத்தால பெருக்கி, கேன்ல உள்ள சதவீதத்தால வகு. 5000 பெருக்கல் 0.1, வகுத்தல் 5, வர்றது 100 மில்லி ஹைப்போ, தண்ணி 4.9 லிட்டர். கேன் 10 சதவீதம்னா 50 மில்லி, தண்ணி 4.95 லிட்டர். 4 சதவீதம்னா 125 மில்லி, மிச்சம் தண்ணி. ரத்தம் சிந்துன இடத்துக்கு 0.5 சதவீதம், அதுக்கு 5 சதவீத கேன்ல இருந்து ஒரு பங்கு ஹைப்போ, ஒன்பது பங்கு தண்ணி, 100 மில்லிக்கு 900 மில்லி.

கலக்குற விதம்: கிளவுஸ், கண்ணாடி போட்டு, காத்தோட்டமான இடத்துல, முதல்ல தண்ணி, அப்புறம் ஹைப்போ, மாத்திச் செஞ்சா தெறிக்கும். பச்சைத்தண்ணிதான், வெந்நீர்ல குளோரின் சீக்கிரம் போயிடும். சோப்புத் தண்ணியோட சேர்த்துக் கலக்காதீங்க, சோப்பு போட்டு அழுக்கை எடுக்குறது தனி வேலை, அது முதல் வேலை. எச்சில், பால், பேதி மேலேயே ஹைப்போ ஊத்துனா குளோரின் அந்த அழுக்கோடவே செலவாயிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. பக்கெட்டை மூடி வச்சு, சதவீதம், தேதி, நேரம், கலக்குனவங்க பேர் எழுதி ஒட்டணும், 24 மணி நேரம் ஆனா கொட்டிடணும்.

குழந்தைங்க வார்டுல இன்னொரு ஆபத்து மூத்திரம். நனைஞ்ச மெத்தை, குழந்தை உக்காந்து ஆய் போற சேர், இதுல எல்லாம் ஹைப்போவை நேரா ஊத்துனா அதுல இருக்குற அமோனியாவோட சேர்ந்து குளோராமின் வாயு வரும். டாய்லெட் கிளீனர் ஆசிடோட சேர்ந்தா குளோரின் வாயுவே வரும். முதல்ல கழுவிட்டுத்தான் ஹைப்போ. ஸ்ப்ரேயும் வேணாம், துணியில நனைச்சுத் துடைங்க, ஸ்ப்ரே பண்ணா பாதி காத்துல போய் குழந்தையோட நெஞ்சுக்குள்ளதான் இறங்கும்.

துடைச்சுட்டு உடனே உலர்த்தக் கூடாது, பரப்பு 10 நிமிஷம் ஈரமா இருக்கணும்னு எங்க விதி. வேகமாக் காஞ்சா மறுபடி ஒரு தடவை. அந்த 10 நிமிஷம் குழந்தையை யார் வச்சிருக்கிறது? அம்மாகிட்ட "அக்கா, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வராண்டால கொஞ்சம் நடங்க, நான் வந்து கூப்பிடுறேன்"னு முன்னாடியே சொல்லணும், இல்லைன்னா அஞ்சாவது நிமிஷத்துலயே குழந்தை திரும்பக் கம்பியைக் கடிச்சுக்கிட்டு நிக்கும். நேரம் முடிஞ்சதும் கம்பியையும் பொம்மையையும் வெறும் தண்ணி நனைச்ச துணியால துடைக்கணும், வாயில போறது அதுதான், கம்பி துருப்பிடிக்காம இருக்கவும் அது வேணும். துணி பொம்மைக்கு இந்த முறை சரிப்படாது, அது துவைக்கப் போகணும்.

இப்ப கரைசலை, குளோரின் அளவை நிறத்துல காட்டுற ஸ்ட்ரிப் வச்சும் பாக்குறோம். முதல்ல வந்தது நீச்சல் குளத்துக்கான ஸ்ட்ரிப், நம்ம 1000 பிபிஎம்ல அது நிறமே வெளுத்துப்போய் குளோரினே இல்லாத மாதிரி காட்டுச்சு, துடைக்குற அக்கா பாவம் இன்னும் கொஞ்சம் ஹைப்போ ஊத்தட்டுமான்னு கேட்டாங்க. 1000-ஐத் தாண்டி அளக்குற ஸ்ட்ரிப் வர வச்ச பிறகுதான் அந்தக் குழப்பம் தீந்துச்சு.