இருட்டுவதற்குள் மலை ஏறி முடிக்க: கிளம்பும் நேரத்தைக் கடைசியிலிருந்து கணக்குப் போட்ட கதை

மலை மேல் நாங்கள் தங்கப்போகும் இடத்துக்கு வண்டியில் போக மேப் 2 மணி 50 நிமிடம் என்று காட்டியது, சூரியன் மறைவது 6.20. நண்பன் உடனே, "அப்போ மூணு மணிக்குக் கிளம்பினாலே போதும்டா, ஆறு மணிக்குள்ள மேல இருப்போம்" என்றான். நான் 12.50 என்றேன். ஏதோ பயந்துபோய்ச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான், ஆனால் அந்த இரண்டு மணி நேர வித்தியாசத்தில் பாதிக்கு மேல் வெறும் கூட்டல் கணக்குதான்.

மொத்தம் 90 கிலோமீட்டர். முதல் 30 சமவெளி, நல்ல சாலை, 50 கிலோமீட்டர் வேகம் சராசரியாகக் கிடைக்கும். அடுத்த 42 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்றம், அதில் 24 கிடைத்தால் பெரிய விஷயம். கடைசி 18 கிலோமீட்டர் ஒற்றை வழிச் சாலை, பாதி இடத்தில் தார் பெயர்ந்து ஜல்லி, எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், அங்கே 15 என்று வைத்துக்கொண்டேன். இங்கேதான் பலர் வழுக்குவார்கள். மூன்று வேகத்தையும் தூரத்துக்குத் தகுந்தபடி சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 31 வரும், 90 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது என்று தோன்றும். வேகத்தைச் சராசரி எடுக்கவே கூடாது, நேரத்தைத்தான் கூட்ட வேண்டும். சமவெளிக்கு 36 நிமிடம், ஏற்றத்துக்கு 105, கடைசித் துண்டுக்கு 72, ஆக 213 நிமிடம், அதாவது மூன்றரை மணி நேரத்துக்கு மேல். மெதுவாகப் போகிற துண்டு தூரத்தில் சின்னதாக இருந்தாலும் நேரத்தைத் தின்றுவிடும்: அந்த 18 கிலோமீட்டர் மொத்தத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

சரி, போய்ச் சேர வேண்டிய நேரம் எது? 6.20 இல்லை. சூரியன் மறையும் நேரம் என்று போனில் காட்டுவது தடையில்லாத தட்டையான தொடுவானத்துக்கான கணக்கு, கடற்கரையில் நிற்பவருக்குப் பொருந்தும். மலைக்குள் மேற்குப் பக்கம் ஒரு முகடு நின்றால் சூரியன் அதற்கு வெகு முன்னாலேயே போய்விடும். எவ்வளவு முன்னால் என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். உயரக் கோடுகள் போட்ட வரைபடத்தில், நாங்கள் தங்கப்போகும் இடத்துக்கு மேற்கே இருந்த முகடு அந்த இடத்தைவிட 600 மீட்டர் உயரமாகவும் 3,400 மீட்டர் தள்ளியும் இருந்தது, அந்த விகிதத்துக்குக் கோணம் சுமார் 10 டிகிரி. சூரியன் 1 டிகிரி நகர 4 நிமிடம் ஆகும், ஆக 40 நிமிடம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால் இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவரும், வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் போனால் சாய்வாக இறங்கும், 40-ஐவிடக் கூடுதலாகவே ஆகும். வரைபடம் பார்க்கச் சோம்பலாக இருந்தால் அந்த இடத்திலேயே கையை நீட்டி முஷ்டியைப் பிடித்துப் பாருங்கள், ஒரு முஷ்டி அகலம் சுமார் 10 டிகிரி.

ஆக 5.40-க்கு எங்கள் சாலையில் வெயில் போய்விடும். உடனே இருட்டாகிவிடாது, வானத்தில் வெளிச்சம் இருக்கும், 6.20 தாண்டியும் அந்தி வெளிச்சம் கொஞ்ச நேரம் நிற்கும், பூமத்திய ரேகை அருகில் 20 நிமிடத்துக்குச் சற்று மேல், 50 டிகிரி அட்சரேகையில் அரை மணிக்கும் மேல். ஆனால் மரங்கள் மூடிய சாலையில் அதை நம்ப முடியாது. ஜல்லிச் சாலைக்கு இன்னொரு தொல்லை, வெயில் இருக்கும்போது பள்ளத்தின் ஓரத்தில் நிழல் விழும், ஆழம் தெரியும். வெயில் போனதும் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரு சாண் பள்ளமும் ஈரத் திட்டும் ஒன்று போலவே தெரியும். அதனால்தான் நான் 5.30 என்று வைத்தேன். போகிற சாலை மேற்கே பார்த்து ஏறினால் இன்னும் சீக்கிரம் வைப்பேன், ஏனென்றால் கடைசி ஒரு மணி நேரம் வெயில் மறைப்பானுக்குக் கீழே வந்து நேராகக் கண்ணில் அடிக்கும், வளைவில் திரும்பியதும் எதிரே வருவது பஸ்ஸா பாறையா என்று தெரியாது.

அப்புறம் நிறுத்தங்கள் 30 நிமிடம், அதில் 20 அடிவாரத்தில், 10 ஏற்றம் முடிகிற சந்திப்பில். மலைப்பகுதி ஓட்டத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், 177-க்கு 35 நிமிடம். சமவெளிக்குக் கூடுதல் போடவில்லை, அங்கே தாமதமானால் அடிவாரத்திலேயே தெரிந்துவிடும். 213, 30, 35 கூட்டினால் 278 நிமிடம். 5.30-இலிருந்து பின்னால் எண்ணினால் 12.52.

இதோடு நிறுத்தினால் கணக்கு காகிதத்தில்தான் இருக்கும். வழியில் இரண்டு இடத்துக்குக் கெடு போட்டோம், இங்கே 6.20-தான் எல்லை, 5.30 விருப்பம் மட்டும். அடிவாரத்திலிருந்து ஓட்டம் 177, நிறுத்தம் 10, கூடுதல் 35, மொத்தம் 222 நிமிடம், ஆக 2.38-க்கு மேல் அடிவாரத்தில் இருந்தால் ஏறுவதில்லை, அங்கேயே தங்கிக் காலையில் போவது. சந்திப்பில் 72-உம் கூடுதல் 15-உம், கெடு 4.53. கெடுவைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும், அங்கே போய் நின்றுகொண்டு பேசினால் "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்பதுதான் ஜெயிக்கும்.

அடிவாரத்தை விட்டு 1.46-க்கு ஏறத் தொடங்கினோம். மலையில் மணிக்கு எவ்வளவு என்று பார்ப்பதைவிட 10 கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பார்ப்பது எளிது, வேகமானி ஒரு நொடி 40 காட்டும், அடுத்த வளைவில் 10 காட்டும். 24 வேகத்துக்கு 25 நிமிடம் ஆக வேண்டும். முதல் 10-க்கு 32 ஆனது. முன்னால் பாரம் ஏற்றிய லாரி, முந்த இடமே இல்லை, முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறது. நண்பன் பெருக்கிப் பார்த்தான், இதே கதியில் மீதி 32 கிலோமீட்டருக்கு 80-க்குப் பதில் 102 நிமிடம், ஏற்கெனவே போன 7-உம் சேர்த்து 29 நிமிடத் தாமதம். வைத்திருந்த 35-இல் ஆறு மிச்சம்.

ஓர் அகலமான இடத்தில் லாரிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார், ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு லாரி இருந்தது, அதனால் பெரிதாக ஒன்றும் மீட்க முடியவில்லை. சந்திப்பில் மணி 3.58. கெடுவுக்கு நிறைய நேரம் இருந்ததால் பத்து நிமிடம் நின்று கால் நீட்டிவிட்டே கிளம்பினோம். கடைசித் துண்டில் இரண்டு ஜீப்புக்காகப் பின்னால் போக வேண்டி வந்தது, 5.26-க்கு வாசலில் நிறுத்தினோம். மூன்று மணிக்குக் கிளம்பியிருந்தால் அதே லாரிகளோடு அதே அளவு நேரம் எடுத்து, சந்திப்பு 6.08-க்கு வந்திருக்கும், ஜல்லிச் சாலை முழுக்க ஹெட்லைட்டில்.

இதே வழியில் வேறு மாதத்தில் போகிறவர்கள் 12.50-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 6.20 மாறும், சூரியன் இறங்கும் இடம் வடக்கேயோ தெற்கேயோ நகர்வதால் எந்த முகடு மறைக்கிறது என்பதும் மாறும். மழைக்காலம் என்றால் கடைசித் துண்டுக்கு வைத்த 15 வேகத்தை 10 ஆக்கிப் பாருங்கள், அந்தத் துண்டு மட்டும் 108 நிமிடம் ஆகும்.